ஐந்து நாள் கணக்கு

மதுரையில் வேலை பார்த்துக்கொண்டே யூடியூப் சேனல் நடத்தும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். காரைக்குடிச் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி 14 நிமிட வீடியோ ஒன்று தயாரித்திருக்கிறார். படம் பிடித்தது அவர், பேசியது அவர். ஆனால் உள்ளே ஐந்து இரவல் சரக்குகள் இருக்கின்றன. 'இலவச இசை' என்று ஓர் இணையதளத்தில் கிடைத்த வீணைத் துண்டு பின்னணியில் நான்கு நிமிடம் ஓடுகிறது. டீக்கடைக் காட்சியில் கடைக்காரரின் ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு 20 விநாடி கேட்கிறது. தோழி ஒருவர் பாரதியார் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். பழைய வீட்டைக் காட்ட இரண்டு புகைப்படங்கள் வருகின்றன: ஒன்று விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தது, மற்றொன்று கூகுளில் தேடியபோது சிக்கியது.

வெள்ளிக்கிழமை இரவு அப்லோடு செய்து, சரிபார்ப்பு முடியும்வரை காத்திருக்காமல் உடனே வெளியிட்டுவிடுகிறார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஸ்டுடியோவின் Restrictions பகுதியில் Copyright என்று நிற்கிறது. நெஞ்சு படபடக்க நண்பர்கள் குழுவில், "சேனலுக்கு ஸ்ட்ரைக் வந்துடுச்சு" என்று போடுகிறார்.

வந்தது ஸ்ட்ரைக் இல்லை, கிளெய்ம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். வீணாகப் பயப்படுவதும், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருப்பதும் இந்தக் குழப்பத்தால்தான்.

கிளெய்ம் பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை. யூடியூப் 2007-இல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாட்டில், இசை நிறுவனங்களும் படக் கம்பெனிகளும் தங்கள் ஒலி, காட்சிக் கோப்புகளை மாதிரியாகக் கொடுத்து வைத்திருக்கின்றன. ஏறுகிற ஒவ்வொரு வீடியோவும் அந்த மாதிரிகளோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதை உரிமைதாரர் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்: வீடியோவை முடக்கலாம், சும்மா கண்காணிக்கலாம், அல்லது அதில் வரும் விளம்பரப் பணத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம். சினிமாப் பாட்டுகளில் சாதாரணமாக நடப்பது மூன்றாவது. வீடியோ பொதுவாக ஓடிக்கொண்டிருக்கும், பார்வைகள் ஏறும், காசு மட்டும் வேறு வீட்டுக்குப் போகும். பங்கு பிரிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாவிட்டால், 14 நிமிடத்தில் 20 விநாடிதான் அவர்களுடையது என்றாலும் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் முழுவதும் அவர்களுக்குத்தான்.

ஸ்ட்ரைக் வேறு ஜாதி. உரிமைதாரர் சட்டப்படி நீக்கக் கோரிக்கை கொடுத்து, யூடியூப் அதை ஏற்று வீடியோவை எடுத்துவிட்டால் விழுவது அது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

இளைஞரின் வீடியோவுக்கு அந்த இரவில் வந்தவை மூன்று கிளெய்ம்கள்: டீக்கடைப் பாட்டுக்கு ஒன்று, வீணைக்கு ஒன்று, பாரதியார் பாட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

டீக்கடைப் பாட்டில் வாதாட ஒன்றுமில்லை. பாட்டு தற்செயலாக விழுந்ததுதான், வேண்டுமென்று சேர்க்கவில்லை என்பது உண்மை. 2019-இல் யூடியூப் கொண்டுவந்த ஒரு விதி, தற்செயலாகக் கேட்கும் இசைக்கும் மிகச் சிறிய துண்டுகளுக்கும் உரிமைதாரர் பணத்தைப் பிடித்துக்கொள்வதைத் தடுக்கிறது. ஆனால் அது ஆள் பார்த்துக் கையால் போடும் கிளெய்முக்கு மட்டும். இயந்திரம் தானாகப் பிடித்ததற்குப் பொருந்தாது. '10 விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை', '30 விநாடி வரை விடுவார்கள்' என்று எடிட்டிங் அறைகளில் உலவும் கணக்குகளுக்கும் சட்டத்தில் இடமில்லை. டிஸ்கிரிப்ஷனில் 'உரிமை அனைத்தும் இசை நிறுவனத்துக்கே' என்று எழுதி வைப்பதும் அனுமதி ஆகாது. பொருள் தன்னுடையதில்லை என்பதற்குக் கைப்பட எழுதிக் கொடுத்த ஒப்புதல் என்று வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

எனவே ஸ்டுடியோவிலேயே அந்த 20 விநாடியை வெட்டுவதோ, பாட்டை மட்டும் அழிப்பதோ, அதற்குப் பதில் வேறு இசை வைப்பதோதான் வழி. மாற்றம் பதிவானதும் அந்தக் கிளெய்ம் விலகும். வீடியோவை வெளியிடாமல் வைத்திருந்து, Checks முடிந்தபின் இதைச் செய்திருந்தால் ஒரு ரூபாய்கூட நழுவியிருக்காது. இதைவிட மலிவான வழியும் உண்டு: படம் பிடிக்கும்போதே கடைக்காரரிடம் சொல்லி ஐந்து நிமிடம் ரேடியோவை அணைக்கச் செய்வது. கூட ஒரு டீ சொன்னால் முகம் சுளிக்கமாட்டார்.

பாரதியார் பாட்டில்தான் தமிழ்ச் சேனல்கள் அதிகம் இடறுகின்றன. பாரதியின் எழுத்து பொதுச்சொத்து என்பது சரி. 1949-இல் சென்னை மாகாண அரசு அவருடைய படைப்புகளின் உரிமையைப் பெற்றது, பிறகு அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. அது நடந்திராவிட்டாலும், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற இன்றைய இந்தியக் கணக்குப்படி 1921-இல் மறைந்தவரின் வரிகள் எப்போதோ விடுபட்டிருக்கும். ஆனால் ஒரு பாட்டு என்பது ஒரே பொருள் இல்லை. வரி ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது, பதிவு செய்த ஒலி இன்னொருவருடையது. மூன்றுக்கும் தனித்தனி உரிமை, தனித்தனி ஆயுள். இளைஞரின் தோழி பாடியது 2000-இல் வந்த 'பாரதி' படத்தில் இளையராஜா அமைத்த மெட்டில். வரி பாரதியுடையது, குரல் தோழியுடையது, மெட்டு மட்டும் இன்னும் உரிமைக்குள் இருப்பது. கன்டென்ட் ஐடி ஒலிப்பதிவை மட்டும் பார்ப்பதில்லை. மெட்டையும் அடையாளம் காணும், ஆகவே வேறு குரலில், வேறு சுருதியில் பாடினாலும் பிடிபடலாம்.

உரிமை எந்தக் கையில் இருக்கிறது என்பதில் பெரிய கம்பெனிகளே மோதிக்கொள்கின்றன. 2024-இல் வெளிவந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தில் 'குணா' படத்துப் பாட்டு இடம்பெற்றதற்காக இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். பாட்டின் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அனுமதி வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்றது தயாரிப்புத் தரப்பு. பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கே இந்த நிலை என்றால், யாரிடம் கேட்பது என்றே தெரியாத சேனல்காரர் சினிமா மெட்டைத் தொடாமல் இருப்பதே மேல்.

தொட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு சிறு வாசல் உண்டு. சொந்தமாகப் பாடி, சொந்தமாக வாசித்த கவர் பாட்டாக இருந்து, மெட்டின் உரிமைதாரரும் ஒத்துக்கொண்டிருந்தால், வருமானத்தில் ஒரு பங்கை யூடியூப் சேனலுக்குத் தருகிறது. தகுதி இருந்தால் ஸ்டுடியோவிலேயே அது தெரியும். கரோக்கி டிராக் போட்டுப் பாடியதற்கு இது கிடையாது, ஏனெனில் அந்த டிராக் வேறொருவரின் ஒலிப்பதிவு. நம் இளைஞர் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, தோழியையே சொந்த மெட்டில் பாடச் சொல்லித் திரும்பச் சேர்க்க நினைத்தார். யூடியூபில் ஏற்கெனவே ஏறிய வீடியோவுக்குள் புதுக் காட்சியைச் செருக முடியாது என்பதால், கடைசியில் வெட்டியதோடு நிறுத்திக்கொண்டார்.

மீதி இருப்பது வீணை. இங்கே நியாயம் இளைஞர் பக்கம். தளத்தின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது. பின் ஏன் கிளெய்ம்? பெரும்பாலும் இரண்டு காரணங்கள். இசைத்தவர் ஒரு தளத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிறகு அதே துண்டை வினியோக நிறுவனம் ஒன்றின் வழியாகக் கன்டென்ட் ஐடியில் பதிந்திருப்பார். இல்லையென்றால், அந்தத் துண்டை வாங்கித் தன் பாட்டுக்குள் வைத்த மூன்றாம் ஆள் ஒருவர், பாட்டு முழுவதும் தன்னுடையது என்று பதிந்திருப்பார். பலரும் பயன்படுத்தக்கூடிய துண்டை இப்படிப் பதிவது யூடியூப் விதிக்கு எதிரானது. ஆனாலும் நடக்கிறது.

இயந்திரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் செபாஸ்டியன் டாம்சாக் சாட்சி. ஸ்ஸ்ஸ் என்ற வெறும் இரைச்சலைத் தானே உருவாக்கி 10 மணி நேர வீடியோவாகப் போட்டிருந்தார். அந்த இரைச்சலுக்கு ஐந்து கிளெய்ம்கள் வந்ததை 2018 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. அது இயந்திரத்தின் பிழை. மனிதரின் களவும் உண்டு: அமெரிக்காவின் அரிசோனாவில் மீடியாமவ் என்ற பெயரில் இருவர், தங்களுக்குச் சொந்தமில்லாத 50,000-க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு உரிமை கொண்டாடி 2 கோடி டாலருக்கு மேல் சுருட்டியதாக 2021-இல் வழக்கு வந்தது. பிறகு இருவருமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

நியாயம் இருந்தால் மட்டும் போதாது, நாளும் பார்க்க வேண்டும். கிளெய்மை எதிர்த்து Dispute கொடுத்தால், சண்டை தீரும்வரை பணத்தை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் தனியே வைக்கும். எந்த நாளிலிருந்து என்பதில்தான் சூட்சுமம். கிளெய்ம் வந்த ஐந்து நாளுக்குள் கொடுத்தால், கிளெய்ம் விழுந்த முதல் நாளிலிருந்தே பணம் பிடித்துவைக்கப்படும். ஐந்து நாள் தாண்டினால், Dispute கொடுத்த நாளிலிருந்து மட்டும்.

கணக்குக்காக எண்களைப் போட்டுப் பார்க்கலாம். அந்த வீடியோ முதல் ஐந்து நாளில் 900, 700, 500, 400, 300 என்று 2,800 ரூபாய் ஈட்டுகிறது. அடுத்த மூன்று நாளில் 500. அதன்பின் மாதக் கடைசிவரை 1,700. ஆக மொத்தம் 5,000. நான்காம் நாள் Dispute கொடுத்தவருக்கு, ஜெயித்தால், முதல் நாள் முதல் உள்ள 5,000 ரூபாயும் வந்துவிடும். 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டு ஒன்பதாம் நாள் கொடுத்தவர் ஜெயித்தாலும் அவருக்குக் கிடைப்பது 1,700 தான். முதல் எட்டு நாளின் 3,300 கிளெய்ம் போட்டவரோடு போய்விட்டது. புது வீடியோக்களுக்குப் பார்வை குவிவதே முதல் சில நாளில்தான் என்பதால் இந்த ஐந்து நாள் அசல் விலை உள்ளது. வெளியூர்ப் பயணம் கிளம்பும் முன்னிரவில் வீடியோ வெளியிடுவது ஏன் நல்ல யோசனை இல்லை என்பதும் இதில் அடங்கும்.

Dispute படிவம் காரணம் கேட்கும். இளைஞர் தேர்ந்தெடுக்க வேண்டியது License. பலர் இந்த இடத்தில் Fair use என்பதை அழுத்திவிட்டு, இசை எந்தத் தளத்தில் எடுத்தது என்று எழுதுவார்கள். காரணமும் விளக்கமும் ஒட்டாது. விளக்கத்தில் சுற்றி வளைக்க வேண்டாம்: துண்டின் பெயர், இசைத்தவர் பெயர், தளத்தின் முகவரி, பதிவிறக்கிய தேதி, உரிமத்தின் பெயர், வீடியோவில் எத்தனையாவது நிமிடம் என்பவை போதும். இவை கையில் இருக்க வேண்டுமானால் பதிவிறக்கிய அன்றே உரிமப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த வீடியோவின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டிருக்க வேண்டும். தளங்கள் விதியை மாற்றும், இசைத்தவர் துண்டையே நீக்கிவிடுவார். ஆறு மாதம் கழித்துத் தேடினால் வெறும் பிழைச் செய்திதான் வரும்.

இதன்பின் எதிர்த்தரப்புக்கு 30 நாள். அவர் விலக்கிக்கொள்ளலாம். பதில் சொல்லாமலே இருந்தால் கிளெய்ம் தானே காலாவதியாகும். 'என்னுடையதுதான்' என்று அவர் நிலைநாட்டினால், இளைஞர் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் பணம் கைமாறாமல் இருக்க ஐந்து நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. மேல்முறையீட்டுக்கு எதிர்த்தரப்பு 7 நாளில் பதில் சொல்ல வேண்டும். அப்போது அவர் கையில் மிஞ்சும் ஆயுதம் நீக்கக் கோரிக்கை ஒன்றே, அது செல்லுபடியானால் ஸ்ட்ரைக். அதாவது, பணத்துக்காகத் தொடங்கிய சண்டை இந்தப் படியில் சேனலின் உயிரைத் தொடுகிறது. ஃபோல்டரில் காகிதம் இருப்பவர் மட்டும் ஏற வேண்டிய படி இது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்டுடியோவிலேயே இருக்கும் ஆடியோ லைப்ரரி பாதுகாப்பானது. அதில் சில துண்டுகளுக்கு மட்டும் இசைத்தவர் பெயரை டிஸ்கிரிப்ஷனில் போட வேண்டும், அதற்கான வரியை அங்கேயே நகலெடுக்கலாம். எபிடெமிக் சவுண்ட் போன்ற சந்தாத் தளங்களில் நமது சேனலை அவர்கள் கணக்கோடு இணைக்க மறந்தால் காசு கட்டியும் கிளெய்ம் வரும். சந்தா நடப்பில் இருந்தபோது வெளியிட்ட வீடியோக்களுக்குச் சந்தா முடிந்தபின்னும் சிக்கல் இல்லை. முடிந்தபின் வெளியிடுவதற்குத்தான் பாதுகாப்பு இல்லை.

இளைஞர் வீணைக்கு Dispute கொடுத்து இரண்டு வாரம் கழித்து, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து ஸ்ட்ரைக் வந்தது. கூகுளில் எடுத்த அந்தப் பழைய வீட்டுப் புகைப்படம்.

கன்டென்ட் ஐடி ஒலியையும் அசையும் காட்சியையும்தான் தேடுகிறது. தனிப் புகைப்படக்காரர் ஒருவர் தன் படத்தை ஒரு வீடியோவில் கண்டால், அவருக்குள்ள நேர் வழி நீக்கக் கோரிக்கைதான். இசையில் தவறினால் காசு போகும், படத்தில் தவறினால் நேராக ஸ்ட்ரைக். Checks பச்சை விளக்குக் காட்டியதால் படமும் சரி என்று நினைப்பது எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது என்பது சேனல்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தால் தெரியும். வீடியோவை நாமே அழித்தாலும் விழுந்த ஸ்ட்ரைக் போகாது. பதிப்புரிமைப் பாடம் ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டு 90 நாள் காத்திருக்க வேண்டும், அல்லது கோரிக்கை கொடுத்தவரே அதைத் திரும்பப் பெற வேண்டும். தவறு அவர் பக்கம் என்றால் எதிர் அறிவிப்புக் கொடுக்கலாம். அப்போது 10 அமெரிக்க வேலை நாளுக்குள் அவர் வழக்குத் தொடுத்ததற்குச் சான்று காட்டாவிட்டால் வீடியோ திரும்பும்.

காமன்ஸில் எடுத்த படத்துக்கு ஒன்றும் நேரவில்லை. காரணம், காமன்ஸ் வணிகப் பயன்பாட்டுக்கும் இடம்தரும் உரிமங்களை மட்டுமே ஏற்கிறது. மற்ற இடங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று பார்த்தவுடன் எடுத்துவிடக் கூடாது. உரிமப் பெயரில் NC என்று இருந்தால் விளம்பரம் ஓடும் வீடியோவுக்கு ஆகாது. ND என்று இருந்தால் திருத்திப் பயன்படுத்த முடியாது. இதில் அதிகம் பேர் அறியாத ஒரு நுணுக்கம், கிரியேட்டிவ் காமன்ஸ் இசையைக் காட்சியோடு நேரம் ஒத்திசைத்து வைப்பதே திருத்தமாகக் கருதப்படும் என்பது. எனவே ND இசையை வீடியோவின் அடியில் ஓடவிடவே கூடாது, SA இசையை ஓடவிட்டால் வீடியோவையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெயர் குறிப்பிடும் வரி நான்கு தகவல் கொண்டது: படத்தின் தலைப்பு, எடுத்தவர், எடுத்த இடத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயர். 'நன்றி: கூகுள்' என்பது இதில் எதுவுமே இல்லை. பெயர் போட மறந்தால் என்ன ஆகும் என்பது உரிமத்தின் பதிப்பு எண்ணைப் பொறுத்தது. 4.0 என்றால், தவறு தெரிந்து 30 நாளுக்குள் திருத்தினால் உரிமம் தானே மீளும். பழைய 2.0, 3.0 பதிப்புகளில் அந்த மன்னிப்பு கிடையாது. அதை வைத்து நோட்டீஸ் அனுப்பிக் காசு கறக்கிறவர்களும் உலகில் உண்டு.

இலவசப் படத்துக்கே பில் வருவதும் உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித் தன் படங்களை மக்கள் பயன்படுத்த அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்துக்கே கொடுத்தவர். தன் சொந்தப் படத்தைத் தன் தளத்தில் வைத்ததற்கு 120 டாலர் கேட்டு அவருக்கே கடிதம் வந்தது. விஷயம் 2016-இல் நீதிமன்றம் போனது.

செய்திக் காட்சிகளை எடுத்து விமர்சிக்கும் சேனல்களுக்கு ஆபத்து இன்னும் அருகில். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவு எடுத்தாள இடம் தருகிறது. எவ்வளவு நியாயம் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும், ஸ்ட்ரைக்கோ அதற்கு முன்பே விழுந்துவிடும். 2025 மே மாதம் யூடியூபர் மோஹக் மங்கல், சில விநாடிக் காட்சிகளுக்காக ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஸ்ட்ரைக் கொடுத்து, அதை விலக்க 45 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டதாக வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். தங்கள் உரிமையைத்தான் காக்கிறோம் என்றது நிறுவனம். அவதூறு வழக்காக அது டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

இளைஞர் அந்த வீடியோவிலிருந்து ஷார்ட்ஸும் வெட்ட நினைத்திருந்தார். ஷார்ட்ஸில் பணக்கணக்கு வேறு. ஒரு பாட்டு சேர்த்தால் அந்தப் பார்வைகளுக்கான வருமானத்தில் பாதி இசைக்கு ஒதுக்கப்படும், இரண்டு சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு. மிச்சம் படைப்பாளிகளின் பொதுக் குவியலில் சேர்ந்து, அவரவர் பங்கில் 45 சதவீதம் கைக்கு வரும். ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட ஷார்ட்ஸில் கிளெய்ம் விழுந்தால் வீடியோவே முடங்கும். வீணைச் சண்டை ஓடிக்கொண்டிருந்ததால், 50 விநாடித் துண்டு ஒன்றை இசையே இல்லாமல், கதவு திறக்கும் ஓசையோடு போட்டார்.

ஸ்ட்ரைக் அறிவிப்பில் கோரிக்கை கொடுத்தவரின் மின்னஞ்சல் இருக்கும். இளைஞர் சண்டைக்குப் போகாமல் அதற்கு எழுதினார்: படத்தை எங்கே கண்டார், எத்தனை விநாடி காட்டினார், என்ன கட்டணம் என்று. கோவையில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவரின் மகன் பதில் போட்டார். படம் அப்பா எடுத்தது, 1,500 ரூபாயும் அப்பாவின் பெயரும் போதும் என்றார். பணம் போனது, அனுமதியை எழுத்தில் அனுப்பி அவர் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார், வீடியோ மீண்டும் ஏறியது. வீணைக் கிளெய்ம் போட்டவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. 30-ஆம் நாள் தாண்டியதும் அது காலாவதியாகி, பிடித்துவைத்த பணம் இளைஞரின் கணக்கில் சேர்ந்தது. கூகுள் விதிப்படி ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள். அவருக்கு இன்னும் 22 டாலர் பாக்கி.